ரண்ணவாஸம்: காடா, அரண்மனையா?

“உத்தராத்யயன சூத்திரத்தில் வரும் ‘ந முணீ ரண்ணவாஸேணம்’ என்ற அடிக்கு ஒரு சிறு நூலில் ‘அரண்மனையில் வசிப்பதால் ஒருவன் முனிவனாகிவிட மாட்டான்’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். வேறொன்றில் ‘காட்டில் வசிப்பதால்’ என்று இருக்கிறது. பிராகிருதத்தில் ‘ரண்ணோ’ என்றால் ‘அரசனுடைய’ என்று படித்த ஞாபகம். எது சரி? எப்படித் தெரிந்துகொள்வது?”

காடுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் ஞாபகமும் பிசகவில்லை. ‘ரண்ணோ’ என்றால் ‘அரசனுடைய’ என்பது உண்மைதான். ஒலி மாற்ற விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் பின்னோக்கித் தேடிப் போனால், காட்டுக்கும் போகலாம், அரண்மனைக்கும் போகலாம். அரண்மனை வழியை அடைப்பது வேறொன்று. அதைச் சொல்லவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பாட்டு முழுவதையும் பார்த்துவிடுவோம். தமிழ் எழுத்தில் வர்க்க எழுத்துகளின் வேறுபாடு தெரியாது. நாம் பேசப்போகும் விஷயத்துக்கு அது பெரிய தடையில்லை.

ந வி முண்டிஏண ஸமணோ, ந ஓங்காரேண பம்பணோ,
ந முணீ ரண்ணவாஸேணம், குஸசீரேண ந தாவஸோ.

இதற்கு அடுத்த பாட்டு இது:

ஸமயாஏ ஸமணோ ஹோஇ, பம்பசேரேண பம்பணோ,
நாணேண ய முணீ ஹோஇ, தவேண ஹோஇ தாவஸோ.

இவை சமணர்களின் ஆகம நூலான உத்தராத்யயனத்தின் 25ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு ஒன்றிரண்டு மாறும், அதனால் எண்ணைச் சொல்லவில்லை. அந்தணக் குலத்தில் பிறந்து சமணத் துறவியான ஜெயகோஷர், காசியில் விஜயகோஷர் வேள்வி செய்யும் இடத்துக்குப் பிச்சைக்குப் போகிறார். இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் கோபப்படாமல், உண்மையான அந்தணன் யார் என்று விளக்கத் தொடங்குகிறார். அந்த விளக்கத்தின் நடுவில் வருபவை இந்த இரண்டு பாட்டும்.

இப்போது ‘ரண்ண’வுக்கு வருவோம். சமஸ்கிருதத்திலிருந்து பிராகிருதத்துக்கு வரும்போது இரண்டு வெவ்வேறு மெய்கள் சேர்ந்து நிற்பது பெரும்பாலும் தங்குவதில்லை. ஒன்று மற்றொன்றை விழுங்கி, ஒரே மெய் இரட்டித்துவிடும். புண்யம் ‘புண்ண’ ஆகும். பூர்ணம் என்பதும் ‘புண்ண’தான். கர்ணம் (காது) ‘கண்ண’, சூன்யம் ‘ஸுண்ண’, பிரஜ்ஞை ‘பண்ணா’. அதாவது ண்ய, ன்ய, ர்ண, ஜ்ஞ என்ற நான்கும் ஒரே ‘ண்ண’வில் போய் விழுகின்றன. இந்த அத்தியாயத்தின் பெயரே ஒரு சாட்சி. ‘யஜ்ஞீய’ (வேள்வியைப் பற்றியது) என்பது ‘ஜண்ணஇஜ்ஜ’ ஆகியிருக்கிறது. ஜ்ஞ போய் ண்ண வந்துவிட்டது, முதலில் இருந்த ய ‘ஜ’ ஆகிவிட்டது. சில பதிப்புகளில் ‘ஜன்னஇஜ்ஜ’ என்று ன்ன போட்டிருப்பார்கள். ஏடெழுதியவர்கள் ன்ன, ண்ண இரண்டையும் கலந்தே எழுதினார்கள். ஆகவே அந்த எழுத்து வேறுபாட்டை வைத்து மூலத்தை ஊகிக்கக் கூடாது.

இந்த இரட்டிப்போடு இன்னொன்றும் நடக்கும். இரட்டித்த மெய்க்கு முன்னால் நெடில் நிற்காது, குறிலாகிவிடும். மார்க்கம் ‘மக்க’ (உச்சரிப்பில் மக்³க³) ஆவதும், பூர்ணம் ‘புண்ண’ ஆவதும் இதனால்தான். ஆகவே சமஸ்கிருதத்தில் ‘ராஜ்ஞஹ’ (அரசனுடைய) என்பதன் நெடில் ‘ரா’வும் குறுகி ‘ரண்ணோ’ ஆகிறது. நீங்கள் படித்தது இதைத்தான். முன்பு அங்கே ஆ இருந்ததா அ இருந்ததா என்பது ‘ரண்ண’ என்ற வடிவத்தில் தெரியவே தெரியாது.

அப்படியானால் ‘ரண்ண’வின் மூலத்துக்கு மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்று ரணம், அதாவது போர்க்களம். இரண்டு, அரசனைக் குறிக்கும் ராஜ்ஞ். மூன்று, அரண்யம். முதல் ஆளை உடனே அனுப்பிவிடலாம். ரணத்தில் மெய்க்கூட்டமே இல்லை, ஒற்றை ணதான். அது பிராகிருதத்திலும் ‘ரண’ என்றே இருக்கும், காரணமில்லாமல் இரட்டிக்காது. மற்ற இருவரில் ராஜ்ஞ்தான் நெருக்கமானவர் போலத் தோன்றும், ஏனென்றால் அரண்யத்துக்கு முன்னால் ஒரு ‘அ’ இருக்கிறதே, அது எங்கே போயிற்று?

அந்த அகரம் விழுவது தெரிந்த செய்திதான். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் தம் இலக்கணத்தின் எட்டாம் அத்தியாயத்தைப் பிராகிருதத்துக்கென்றே ஒதுக்கினார். அதில் ஒரு சூத்திரம் அலாபு (சுரைக்காய்), அரண்யம் என்ற இரண்டு சொற்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றின் முதல் அகரம் விழலாம் என்கிறது. ‘விழலாம்’ என்பதைக் கவனியுங்கள். ‘அரண்ண’, ‘ரண்ண’ இரண்டும் செல்லும். நமக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். தமிழ் போகிற திசை இதற்கு நேர் எதிர். ரத்னத்தின் முன்னால் நாம் ஓர் இகரத்தை வைத்து இரத்தினம் ஆக்குகிறோம். அங்கே இருந்த உயிரையே எடுத்துவிடுகிறார்கள்.

ஆக ஒலி மாற்றம் இரண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டது. இந்த இடத்தில்தான் அந்தச் சிறு நூலை எழுதியவர் நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். அகராதியில் ‘ரண்ணோ’ கண்ணில் பட்டிருக்கும், வாஸம் என்றால் வசிப்பது, சேர்த்தால் அரண்மனை வாசம், வேலை முடிந்தது. அவர் விட்டது தொகைச்சொல்லின் இலக்கணம்.

‘ரண்ணோ’ என்பது பெயரின் அடி கிடையாது. வேற்றுமை உருபு ஏறிய வடிவம். ‘அரசனுடைய’ என்று ஆறாம் வேற்றுமை ஏறியபிறகுதான் அந்த ஜ்ஞ கூட்டமே உண்டாகிறது. அரசன் என்ற சொல் தொகையில் முன்னால் நிற்கும்போது உருபு ஏறாது. சமஸ்கிருதத்தில் ‘ராஜ-’ என்று மட்டும் நிற்கும். அங்கே ஜ்ஞ இல்லை, இரண்டு உயிருக்கு நடுவில் தனி ஜ. அப்படித் தனியாக நடுவில் மாட்டிக்கொள்ளும் ஜ பிராகிருதத்தில் விழுந்து, அந்த இடத்தில் ஒரு மெல்லிய யகரம் வரும். ராஜகிருஹம் ‘ராயகிஹ’ ஆனதும், ராஜரிஷி ‘ராயரிஸி’ ஆனதும், ராஜதானி ‘ராயஹாணீ’ ஆனதும் இப்படித்தான். எனவே ‘அரசமாளிகை வாசத்தால்’ என்று பாடியவர் சொல்ல நினைத்திருந்தால் ‘ராயவாஸேணம்’ என்று பாடியிருப்பார். அல்லது தொகையாக்காமல் ‘ரண்ணோ வாஸேணம்’ என்று இரண்டு சொல்லாக வைத்திருப்பார். ‘ரண்ண-’ என்ற அடியை அரசன் என்ற பொருளில் தொகையின் முன்பகுதியாக வைத்த இடம் எதையும் நான் படித்ததில் கண்டதில்லை. அரண்யத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதன் அடியே ‘ரண்ண’. தொகையில் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும்.

யாப்பு உதவுமா என்று கேட்பீர்கள். இது எட்டெழுத்து அடிகள் கொண்ட சுலோக யாப்பு. ‘ந முணீ ரண்ணவாஸேணம்’ என்பதை அசை அசையாக எண்ணினால் ந, மு, ணீ, ரண், ண, வா, ஸே, ணம் என்று எட்டு வருகிறது. இதில் ஐந்தாவது குறில், ஆறும் ஏழும் நெடில். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் வழக்கமாக வேண்டிய அமைப்பு இதுதான். ‘ரண்ணோ வாஸேணம்’ என்று போட்டால் ஐந்தாவது அசை நெடிலாகிவிடும், ஓசை தட்டும். ஆனால் ‘ராயவாஸேணம்’ என்று போட்டால் யாப்பு துளிகூடக் கெடாது. இது நமக்கு நல்ல செய்தி. அரண்மனையைச் சொல்ல விரும்பிய கவிக்கு யாப்புக்குப் பொருந்தும் சொல் தயாராகவே இருந்தது, இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. மற்றபடி, அகரம் விழுந்ததற்கு யாப்புதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தப் பாட்டின் முதல் அடியையே எண்ணிப் பாருங்கள், ஒன்பது அசை. தொடக்கத்தில் ஒரு நெடிலுக்குப் பதில் இரண்டு குறில் வருவதைப் பழைய சமணப் பாடல்கள் தாராளமாக அனுமதிக்கும். ‘ந முணீ அரண்ணவாஸேணம்’ என்றுகூட ஒருவர் பாடியிருக்க முடியும்.

கடைசியாகப் பொருள். இதை நான் வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் பொருளிலிருந்து தொடங்கினால் நமக்குப் பிடித்ததைப் பாட்டில் ஏற்றிவிடுவோம். தலை மழிப்பதால் சமணன் அல்லன், ஓம் சொல்வதால் அந்தணன் அல்லன், தர்ப்பையும் மரவுரியும் உடுப்பதால் தாபதன் அல்லன். ஒவ்வொன்றும் அந்தந்த ஆளுக்கு ஊர் ஒட்டிவைத்த வெளி அடையாளம். முனிவனுக்கு ஊர் ஒட்டிய அடையாளம் காட்டு வாசம்தான். அரண்மனையில் இருப்பவனை யாரும் முனிவன் என்று நினைத்து ஏமாறவில்லை, அதனால் அதை மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. பௌத்தர்களின் தம்மபதத்திலும் இதே அச்சில் ‘ந முண்டகேன ஸமணோ’ என்று ஓர் அடி உண்டு. தலை மழித்ததால் மட்டும் சமணனாக முடியாது என்பது அக்காலத்தில் பலரும் எடுத்தாண்ட பேச்சு.

பொருளை எப்போது நம்பலாம் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. படிக்கத் தொடங்கிய காலத்தில் ‘வயகுத்தீ’ என்ற சொல்லை ‘விரதத்தைக் காத்தல்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். ‘வய’ என்பது விரதத்துக்கு (வ்ரத) மிகப் பழக்கமான வடிவம். ஐந்து மஹாவ்ரதங்களைத்தான் ‘மஹவ்வய’ என்கிறார்கள். என் ஆசிரியர் தாளைப் படித்துவிட்டு, “தம்பி, அக்கம்பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாயா?” என்றார். பாட்டில் ‘மணகுத்தீ வயகுத்தீ காயகுத்தீ’ என்று மூன்றும் அடுத்தடுத்து நின்றன. மனம், வாக்கு, உடல். இந்த ‘வய’ வாக்கைக் குறிக்கும் வசஸ், சகரம் விழுந்து யகரம் ஏறியது.

அதில் இன்னொரு பாடமும் இருந்தது. விரதத்தின் முதலில் இருந்த வ்ர சொல்லின் தொடக்கத்தில் வரும்போது ஒற்றை வகரமாகத்தான் நிற்கும், ஏனென்றால் பிராகிருதம் சொல் முதலில் இரட்டை மெய்யை அனுமதிக்காது. தொகையில் இரண்டாவதாக வந்தால் அந்த மறைந்த இரட்டிப்பு திரும்பி வந்துவிடும். மஹவ்வய என்பதில் வ்வ தெரிவது அதனால்தான். இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதர் பெயர் ‘முணிஸுவ்வய’ என்று வருவதும் அப்படியே. ஆகவே தொகையின் நடுவில் வ்வ இருந்தால் விரதம் என்று தைரியமாகச் சொல்லலாம். சொல் தொடக்கத்தில் இருந்தால் ஒலி ஒன்றும் சொல்லாது. பக்கத்து வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் பாட்டுக்கு அடுத்ததில் வரும் ‘ஸமயாஏ’வும் இதேபோல ஒரு பொறி. அதையும் ‘சமயத்தால்’, ‘சித்தாந்தத்தால்’ என்று பொருள் எழுதிவிட ஆசையாக இருக்கும். நடுவில் இருக்கும் அந்த யகரத்துக்குப் பின்னால் க, ச, ஜ, த, ய என்று எதுவும் ஒளிந்திருக்கலாம், எல்லாமே அந்த இடத்தில் தேய்ந்துபோகும் மெய்கள். உலகமும் ‘லோய’, முடி பறித்தலான லோசமும் ‘லோய’ என்றால் பாருங்கள். இங்கே வழிகாட்டுவது ஈறு. ‘இதனால்’ என்ற மூன்றாம் வேற்றுமைப் பொருளில் ‘-ஆஏ’ பெண்பாற் சொற்கள் மட்டும் ஏற்கும் ஈறு. சமய என்பது ஆண்பால், அது ‘ஸமஏண’ என்று வந்திருக்க வேண்டும். ஆகவே பெண்பாலான ஸமதா, தகரம் விழுந்து ‘ஸமயா’. எல்லாவற்றையும் ஒப்ப நோக்கும் மனநிலையால் சமணன் ஆகிறான் என்பது பொருள். இதுவும் உறுதி.

இங்கே பிராகிருதத்தில் மட்டும் கேட்கும் ஒரு நயம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் ச்ரமண, உழைத்தல், வருந்துதல் என்ற வேரிலிருந்து வந்தது. ஸமதாவோடு அதற்கு உறவே இல்லை. ரகரம் விழுந்து, சகர வகைகள் மூன்றும் ஒரே ஸகரமாகிவிட்டபிறகு ‘ஸமண’வும் ‘ஸமயா’வும் அண்ணன் தம்பி போல ஒலிக்கின்றன. நாம் ‘சமணர்’ என்று சொல்வதும் இந்த ரகரம் விழுந்தபிறகான வடிவத்தைத்தான். பாட்டைச் சமஸ்கிருதத்தில் திருப்பி எழுதினால் பம்பசேரம்-பம்பணன் (பிரம்மசரியம்-பிராமணன்), தவம்-தாவஸன் (தபஸ்-தாபசன்) என்ற இரண்டு ஜோடிகள் பிழைக்கும், முதல் ஜோடி அறுந்துவிடும். பாடியவர் அந்த ஒலி உறவைத் தெரிந்தேதான் வைத்தார் என்பது என் எண்ணம். நான்கில் மூன்று ஜோடிகள் தற்செயலாக ஒலி ஒத்துப்போவது நம்பும்படியாக இல்லை.

நான்காவது ஜோடியைப் பற்றிச் சொல்வது ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாண’வும் (ஞானம்) ‘முணீ’யும் காதுக்கு ஒட்டவில்லை. ஆனால் பிராகிருதத்தில் ‘முணஇ’ என்று ஒரு வினை உண்டு, ‘அறிகிறான்’ என்று பொருள். ஹேமசந்திரரே ‘ஜ்ஞா’ என்ற வேருக்குப் பதிலாக ‘ஜாண’, ‘முண’ என்று இரண்டைச் சொல்கிறார். அந்த வினையைப் பேச்சில் வைத்திருந்த ஒருவர் காதில் ‘முணீ’ என்பது ‘அறிபவன்’ என்றே விழுந்திருக்கும், ‘அறிவால் அறிபவன் ஆகிறான்’ என்று நான்காவது ஜோடியும் பொருந்திவிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டைக் கட்டியபோது அந்த வினை அவர் வாயில் இருந்ததா என்பதைப் பாட்டே சொல்லவில்லை. இந்நூல்கள் வாய்வழியாகப் பல நூற்றாண்டுகள் வந்து, குஜராத்தின் வலபியில் 5ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் நிலைபெற்றன. ஹேமசந்திரர் அதற்கும் ஆறு, ஏழு நூற்றாண்டு பின்னால் வந்தவர். அதனால் ரண்ணவாஸம் காடு என்பதையும் ஸமயா ஸமதா என்பதையும் என் பெயரைப் போட்டே யாரிடமும் சொல்லுங்கள். ‘முணஇ’ விஷயத்தை மட்டும் ‘இப்படி ஒருவர் நினைக்கிறார்’ என்று சொன்னால் போதும்.